பூச்சியங்கள் தெரியும், உயரத்தை யார் சொல்வது?

உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தில் ஒரு கணக்கு வரும். ஒரு முப்படிப் பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்கள் −2, 1, 4. அதன் வளைவரை (2, 16) என்னும் புள்ளி வழியாகச் செல்கிறது. கோவையைக் காண்க. நான்கு வரிகளில் விடை வந்துவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த நான்கு வரிகளுக்குள் இருக்கும் கேள்வி சுவையானது: கொடுத்த தகவல்களில் எது எதைத் தீர்மானிக்கிறது? பூச்சியங்கள் எதுவரை சொல்கின்றன, அந்தக் கூடுதல் புள்ளி எதைச் சொல்கிறது, இரண்டுமே சொல்லாமல் விடுவது எது? இதைப் புரிந்துகொண்டால் ஒரு தொங்குபாலத்தின் வடமும் வீட்டுக் கூரையைத் தாங்கும் பீமும் எப்படி வளைகின்றன என்பதையே இதே கணக்காக எழுதிப் பார்த்துவிடலாம்.

முதலில் பள்ளிக் கணக்கு

பூச்சியம் என்றால், x-க்குப் பதிலாக அந்த எண்ணைப் போடும்போது கோவையின் மதிப்பு 0 ஆக வேண்டும். வரைபடத்தில், வளைவரை x-அச்சைச் சந்திக்கும் இடம். ஒரு கோவைக்கு 4 பூச்சியம் என்றால் (x − 4) அதற்குக் காரணியாக இருந்தே தீரும். இதுதான் காரணித் தேற்றம். பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. காரணமும் எளிது. x² − 4², x³ − 4³ போன்ற எந்த வித்தியாசத்தையும் (x − 4) மீதியின்றி வகுக்கும். ஆகவே f(x) − f(4) என்பதையும் அது வகுக்கும். f(4) = 0 என்றால் f(x)-ஐயே வகுத்துவிடுகிறது.

மூன்று பூச்சியங்களுக்கும் இதைச் செய்தால் மூன்று காரணிகள் கிடைக்கின்றன:

f(x) = a(x + 2)(x − 1)(x − 4)

முன்னால் நிற்கும் a-தான் இந்தக் கட்டுரையின் நாயகன். மூன்று காரணிகளைப் பெருக்கினாலே முப்படி ஆகிவிடுகிறது. கோவையும் முப்படிதான். எனவே மீதம் இருப்பதில் x இருக்க முடியாது. அது வெறும் எண். பெருக்கி விரித்தால் x³-இன் முன்னால் வந்து நிற்பதும் அதே எண்தான். அதனால்தான் அதை முதன்மைக் கெழு என்கிறோம்.

a-க்கு 1 போட்டாலும் 7 போட்டாலும் −100 போட்டாலும் பூச்சியங்கள் மாறுவதில்லை. வளைவரை அதே மூன்று இடங்களில் அச்சை வெட்டும். இடையில் எவ்வளவு உயரம் எழும்புகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது, மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பவை மட்டும் மாறும். அதாவது பூச்சியங்கள் ஒரு கோவையைத் தருவதில்லை, ஒரு குடும்பத்தைத் தருகின்றன. எண்ணிப் பார்த்தாலும் இதுவே வரும். முப்படிக் கோவைக்கு நான்கு கெழுக்கள். மூன்று பூச்சியங்கள் மூன்று நிபந்தனைகள். ஒன்று பாக்கி.

அந்தப் பாக்கியைத்தான் (2, 16) தீர்க்கிறது. x = 2 என்று போட்டால்,

a(4)(1)(−2) = −8a = 16

எனவே a = −2. கோவை −2(x + 2)(x − 1)(x − 4). விரித்தால் −2x³ + 6x² + 12x − 16.

சரிபார்க்க, விரித்த வடிவத்தில் x = 2 போடுங்கள்: −16 + 24 + 24 − 16 = 16. பொருந்துகிறது. x = 4 போட்டால் −128 + 96 + 48 − 16 = 0. அதுவும் பொருந்துகிறது. சரிபார்ப்பை விரித்த வடிவத்தில் செய்வதே நல்லது. காரணி வடிவத்தில் பூச்சியங்கள் எப்படியும் பூச்சியமாகத்தான் வரும், விரிக்கும்போது நேர்ந்த பிழை அதில் தெரியாது.

தவறு எங்கே நேர்கிறது?

மிகப் பரவலான பிழை குறியில் நேர்வது. பூச்சியம் −2 என்றால் காரணி (x + 2). அவசரத்தில் (x − 2) என்று எழுதினால் இந்தக் கணக்கில் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். x = 2 போட்டதும் இடப்பக்கம் 0 ஆகி, 0 = 16 என்று நிற்கும். வேறு புள்ளியாக இருந்தால் அப்படி எச்சரிக்கை கிடைக்காது. ஏதோ ஒரு a கிடைத்துவிடும், விடை சத்தமில்லாமல் தவறாகிவிடும்.

இரண்டாவது, கூடுதல் புள்ளியாக எதை எடுத்தாலும் சரி என்று நினைப்பது. (4, 0) என்று கொடுத்தால் அது புதிய தகவலே அல்ல. போட்டுப் பார்த்தால் 0 = 0 என்று வரும், a எதுவாகவும் இருக்கலாம். (4, 5) என்று கொடுத்தால் 0 = 5 என்று வரும். 4 பூச்சியம் என்று முன்பே சொன்னதோடு அது முரண்படுகிறது, எந்தக் கோவையும் இல்லை. கூடுதல் புள்ளி பயன்பட வேண்டுமானால் பூச்சியங்களுக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூன்றாவது பிழை ஆழமானது. கண்ணுக்குத் தெரியும் பூச்சியங்களே எல்லாப் பூச்சியங்களும் என்று எடுத்துக்கொள்வது. வரைபடத்தில் வளைவரை அச்சை ஓரிடத்தில் தொட்டுவிட்டு அதே பக்கம் திரும்பினால், அங்கே காரணி இரண்டு முறை, அல்லது நான்கு, ஆறு என இரட்டைப்படை முறை வருகிறது. சில பூச்சியங்கள் கலப்பெண்களாக இருக்கும், அவை அச்சில் தெரியவே தெரியாது. கெழுக்கள் மெய்யெண்கள் என்றால் 2 + i ஒரு பூச்சியம் ஆகும்போது 2 − i-யும் பூச்சியம் ஆகியே தீரும். இரண்டும் சேர்ந்து x² − 4x + 5 என்ற காரணியைத் தருகின்றன. இன்னும் சில பூச்சியங்கள், நாம் பார்க்கும் எல்லைக்கு வெளியே எங்கோ இருக்கும். பாடநூல் கணக்கு "முப்படிக் கோவை" என்று படியைச் சொல்லிவிடுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. உலகத்தில் நாம் அளக்கும் வளைவுகள் தம் படியைச் சொல்வதில்லை. அது எங்கிருந்து வர வேண்டும் என்பதைப் பார்க்க ஒரு பாலத்துக்குப் போவோம்.

கோபுரத்திலிருந்து கோபுரம் வரை

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் தொங்குபாலம் 1937-இல் திறக்கப்பட்டது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே சுமார் 1280 மீட்டர். கோபுர உச்சிகளிலிருந்து தொங்கும் முதன்மை வடம் நடுவில் சுமார் 143 மீட்டர் தாழ்ந்து இறங்குகிறது. இரு உச்சிகளையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை x-அச்சாக வைத்துக்கொள்வோம். நடுப்புள்ளியே x = 0. அந்தக் கோட்டிலிருந்து வடம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை d(x) என்போம். கோபுரங்களில் தாழ்வு 0. ஆக, பூச்சியங்கள் −640, 640. கூடுதல் புள்ளி (0, 143).

இது இருபடியா, வேறு படியா? இதைச் சொல்ல வேண்டியது பாரம். வடத்தின் மேல் முக்கியமாகத் தொங்குவது சாலைத்தளம். அது கிடைமட்டத்தில் மீட்டருக்கு மீட்டர் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் வடத்தின் சரிவு கிடைமட்டத்தில் சீரான வேகத்தில் மாறுகிறது. அதாவது சரிவு ஒருபடிக் கோவை. சரிவு சேர்ந்து சேர்ந்து தாழ்வாகிறது, எனவே தாழ்வு இருபடிக் கோவை. இருபடிக்கு இரண்டே பூச்சியங்கள். இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

d(x) = a(x − 640)(x + 640)

x = 0 என்றால் −409600a = 143. எனவே a சுமார் −0.00035. கோபுரத்துக்கும் நடுப்புள்ளிக்கும் சரிபாதியில், அதாவது x = 320-இல், தாழ்வு என்ன? கணக்கிட்டால் 107.25 மீட்டர். நடுத்தாழ்வில் சரியாக முக்கால் பங்கு. இரண்டு கோபுரங்களின் இடத்தையும் ஒரே ஒரு ஆழத்தையும் வைத்துக்கொண்டு வடத்தின் எந்தப் புள்ளியையும் சொல்ல முடிகிறது. ஒரு வரம்பு உண்டு: வடத்தின் சொந்த எடை வடத்தின் நீளத்தைப் பொறுத்தது, கிடைமட்டத் தொலைவை அல்ல. ஆகவே உண்மை வடம் இந்தப் பரவளையத்திலிருந்து சற்றே விலகும். தளத்தின் எடையே மேலோங்கியிருப்பதால் பரவளையம் நல்ல தோராயமாகிறது.

கூடுதல் புள்ளியை எங்கே அளப்பது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். நடுவில் அளக்காமல், கோபுரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தாழ்வு சுமார் 4.43 மீட்டர்தான். அளவையில் 10 சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால் அது இரண்டே கால் சதவீதம். a-யும் அதே இரண்டே கால் சதவீதம் பிசகும். அந்த a-யை வைத்து நடுத்தாழ்வைக் கணக்கிட்டால் 3.2 மீட்டர் தவறு வரும். அதே 10 சென்டிமீட்டர் பிழை நடுவில் நேர்ந்தால், நடுத்தாழ்வில் 10 சென்டிமீட்டர்தான் தவறு, மற்ற எல்லா இடத்திலும் அதைவிடக் குறைவு. பூச்சியத்துக்கு அருகில் எடுத்த புள்ளி காகிதத்தில் செல்லும், அளவையில் செல்லாது. காரணிகளின் பெருக்கல் அங்கே மிகச் சிறியது. a-யைக் காண அதனால் வகுக்கிறோம். சிறிய எண்ணால் வகுக்கும்போது பிழை பெருகிவிடும்.

அதே முனைகள், அதே நடுப்புள்ளி, வேறு வளைவு

இப்போது வடத்தை விட்டுவிட்டு ஒரு பீமுக்கு வருவோம். 8 மீட்டர் நீளம், இரு முனைகளிலும் தாங்கல், மேலே நீளம் முழுவதும் ஒரே சீரான பாரம். நடுவில் 16 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. மீண்டும் நடுப்புள்ளியை x = 0 என்று வைத்தால் தெரியும் பூச்சியங்கள் −4, 4. கூடுதல் புள்ளி (0, 16).

பாலத்தில் செய்தது போலவே செய்தால் d(x) = −(x − 4)(x + 4), அதாவது 16 − x². x = 2-இல் 12 மில்லிமீட்டர். கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் பீம் அப்படி வளையாது.

பீம் வடம் அல்ல, அதற்கு விறைப்பு உண்டு. பாரம் நேரடியாகச் சரிவை மாற்றுவதில்லை. பாரம் நீளவாக்கில் சேர்ந்து வெட்டு விசையாகிறது. வெட்டு விசை சேர்ந்து பீமை வளைக்கும் திருப்புத்திறனாகிறது. திருப்புத்திறனுக்கு ஏற்பச் சரிவு மாறுகிறது. சரிவு சேர்ந்து தாழ்வாகிறது. நான்கு படிகள். ஒவ்வொன்றிலும் கோவையின் படி ஒன்று ஏறுகிறது. பாரம் மாறிலி என்பதால், தாழ்வு நாற்படிக் கோவை. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் உருவாக்கிய பீம் கோட்பாட்டின் சாரம் இதுதான்.

நாற்படி என்றால் நான்கு பூச்சியங்கள். நமக்குத் தெரிவது இரண்டு. மற்ற இரண்டும் எங்கே? பதில் முனைகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது.

முதலில், முனைகள் இரண்டும் கனமான சுவருக்குள் இறுகப் பதிந்திருக்கின்றன என்று கொள்வோம். அங்கே பீம் தாழவும் முடியாது, சாயவும் முடியாது. தாழ்வும் 0, சரிவும் 0. வளைவரை அச்சைத் தொட்டுத் தழுவிச் செல்கிறது. அப்படியென்றால் −4, 4 இரண்டும் இரட்டைப் பூச்சியங்கள்.

d(x) = a(x² − 16)²

x = 0 என்றால் 256a = 16. எனவே a = 1/16. x = 2-இல் தாழ்வு 144/16, அதாவது 9 மில்லிமீட்டர்.

அடுத்து, பீம் இரண்டு தாங்கல்கள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முனைகளில் தாழ்வு 0, ஆனால் சாய்வதற்குத் தடையில்லை. திருப்புத்திறன்தான் அங்கே 0. வடிவமும் பாரமும் இருபுறமும் ஒத்திருப்பதால் மற்ற இரு பூச்சியங்களும் நடுவிலிருந்து சம தொலைவில்தான் இருக்க முடியும். அதனால் கோவை a(x² − 16)(x² − k) என்ற வடிவம் பெறும். இதை இருமுறை வகையிட்டு, x = 4-இல் 0 ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டால் k = 80 என்று வருகிறது.

d(x) = a(x² − 16)(x² − 80)

மறைந்திருந்த பூச்சியங்கள் 80-இன் வர்க்கமூலத்தில், அதாவது நடுவிலிருந்து ஏறக்குறைய 8.94 மீட்டர் தள்ளி, பீமுக்கு வெளியே வெற்றிடத்தில் இருக்கின்றன. அங்கே பீமே இல்லை. ஆனாலும் பீமுக்குள் வளைவின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. x = 0 என்றால் 1280a = 16. எனவே a = 1/80. x = 2-இல் (−12)(−76)/80, அதாவது 11.4 மில்லிமீட்டர்.

மூன்று வளைவுகளுக்கும் முனைகள் ஒன்றே, நடுத்தாழ்வும் ஒன்றே. ஆனால் பாதி வழியில் ஒன்று 12, ஒன்று 11.4, ஒன்று 9. கூடுதல் புள்ளி மூன்றிலும் தன் வேலையைப் பிசகாமல் செய்தது: ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. எந்தக் குடும்பம் என்று சொல்வது அதன் வேலை அல்ல. அதைச் சொன்னது பாரமும் முனைகளும்.

a என்பது வெறும் எண் அல்ல

பீம் கணக்கில் முதன்மைக் கெழுவுக்கு நேரடிப் பொருள் உண்டு. ஒரு மீட்டருக்கான பாரத்தை, பீமின் விறைப்பின் 24 மடங்கால் வகுத்தால் வருவதே a. முனைகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருந்தாலும் இது மாறாது. பூச்சியங்கள் முனைகளைப் பற்றிச் சொல்கின்றன, முதன்மைக் கெழு பாரத்தையும் பொருளையும் பற்றிச் சொல்கிறது. இரண்டும் கோவைக்குள் தனித்தனி இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இதிலிருந்து ஓர் அழகான முடிவு கிடைக்கிறது. ஒரே பீம், ஒரே பாரம் என்றால் a ஒன்றே. சும்மா உட்கார்ந்த பீமின் நடுத்தாழ்வு 1280a, இறுகப் பதிந்த பீமின் நடுத்தாழ்வு 256a. சரியாக ஐந்தில் ஒரு பங்கு. கட்டடப் பொறியாளர்கள் கையேட்டில் பார்க்கும் 5/384, 1/384 என்ற இரண்டு எண்களுக்கு இடையிலான அந்த 5, வெளியே நின்ற இரு பூச்சியங்களை முனைகளுக்கு இழுத்து வந்ததால் பிறந்த 5.

சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளிக் கணக்கில் கண்ட கோவையைக் கொடுத்த புள்ளியிலேயே போட்டுச் சரிபார்த்தோம். அது பெருக்கலில் பிழை இல்லை என்று மட்டும்தான் காட்டும். a-யை அந்தப் புள்ளியிலிருந்தே எடுத்ததால், தவறான குடும்பமாக இருந்தாலும் அந்தப் புள்ளி பொருந்தத்தான் செய்யும். மேலே மூன்று வளைவுகளும் (0, 16)-இல் பொருந்தின அல்லவா? குடும்பம் சரியா என்று அறிய, a-யைக் காணப் பயன்படுத்தாத இன்னொரு புள்ளி வேண்டும்.

பீமில் அது எளிது. நடுவில் ஒரு டயல் கேஜ், கால் நீளத்தில் இன்னொன்று. அந்தக் கருவி மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். 9-க்கும் 11.4-க்கும் இடையிலான வேறுபாடு அதற்கு மிகப் பெரியது. முதலில் பாரம் ஏற்றுவதற்கு முன் இரண்டையும் 0-க்கு வைத்துக்கொள்ள வேண்டும். முனைத் தாங்கல்களே கொஞ்சம் அமிழ்ந்தால் அங்கே தாழ்வு 0 என்ற நம் பூச்சியமே பொய்யாகிவிடும் என்பதால், முனைகளிலும் அளந்து அந்த அமிழ்வைக் கழிக்க வேண்டும்.

அளந்தபோது நடுவில் 16, கால் நீளத்தில் 10.5 வந்தது என்று கொள்வோம். 9-உம் இல்லை, 11.4-உம் இல்லை. உண்மைக் கட்டடங்களில் இப்படித்தான் பெரும்பாலும் வரும். முனைகள் முழுக்க இறுகியும் இருக்காது, முழுக்கத் தளர்ந்தும் இருக்காது. இப்போது k-யும் தெரியாத எண்ணாகிறது. d(x) = a(x² − 16)(x² − k) என்பதில் x = 0 போட்டால் 16ak = 16, ஆகவே ak = 1. x = 2 போட்டால் 12a(k − 4) = 10.5, ஆகவே ak − 4a = 0.875. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 4a = 0.125, a = 1/32. எனவே k = 32.

மறைந்திருந்த பூச்சியங்கள் நடுவிலிருந்து 5.66 மீட்டரில் இருக்கின்றன. முழு இறுக்கத்துக்கு உரிய 4-க்கும் முழுத் தளர்வுக்கு உரிய 8.94-க்கும் நடுவே, இறுக்கத்தின் பக்கமாக. இரண்டு தெரியாத எண்கள் இருந்தன, இரண்டு புள்ளிகள் அவற்றைத் தீர்த்தன. பள்ளிக் கணக்கில் ஒரு புள்ளி போதுமானதற்கும் இதே காரணம்தான்: அங்கே எல்லாப் பூச்சியங்களையும் கணக்கே கொடுத்துவிட்டது, தெரியாதது a ஒன்று மட்டுமே. ஒரு வளைவை அளந்து கோவை எழுத உட்காரும்போது, எத்தனை எண்கள் தெரியாமல் இருக்கின்றன என்பதை முதலில் எண்ணுங்கள். அத்தனை புள்ளிகள் வேண்டும், அவற்றுக்கு மேல் சரிபார்ப்பதற்கென்று ஒன்று.